பொருள்: ஆறாம் வகுப்பு 'பி' தர்ஷினியின் பயம், தூக்கமின்மை – உங்கள் உதவி வேண்டி

வணக்கம் மேடம்,

நான் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் படிக்கும் தர்ஷினியின் அம்மா, மீனாட்சி. போன பெற்றோர் கூட்டத்தில் ஸ்கூல் கவுன்சிலர் என்று உங்களை அறிமுகப்படுத்தினார்கள். அன்றைக்கே பேச நினைத்தேன், ஆனால் தர்ஷினி பக்கத்திலேயே நின்றாள். அவளை வைத்துக்கொண்டு பேசுகிற விஷயமில்லை என்பதால் மெயிலில் எழுதுகிறேன்.

ஆடி மாதம் என் மாமனார் இறந்துபோனார். ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர், காலையில் எழவில்லை. தினமும் காலையில் தாத்தாவுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுப்பது தர்ஷினிதான். அன்றும் டம்ளரோடு போய், "தாத்தா, ஆறிடும், எந்திரிங்க" என்று ரெண்டு மூன்று தடவை எழுப்பியிருக்கிறாள். அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "தூக்கத்துலயே போயிட்டாரு, கொடுத்து வச்ச மனுஷன்." பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரைக்கும் வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. பெரியவர்களுக்கு அது ஆறுதல். அவள் மனதில் அது எப்படிப் பதிந்தது என்பது புரட்டாசியில்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஒரு ராத்திரி, "அம்மா, நான் தூங்கினா காலையில முழிச்சிருவேன்ல?" என்று கேட்டாள்.

அதற்கு முன்னாலேயே அறிகுறிகள் இருந்தன. பாடம் கூடிப்போச்சு, ஆறாம் வகுப்பு புதுசு என்று நினைத்திருந்தோம். இப்போது நிலைமை இதுதான்: ஒன்பதரைக்குப் படுக்கப் போகிறாள், கண் அசரப் பன்னிரண்டு, சில நாள் ஒரு மணி ஆகிறது. நடுவில் எழுந்து வந்து என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிறாள். அப்பாவுக்கும் அப்படியே, பிறகு அப்பத்தாவுக்கும். எல்லாருக்கும் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போய்ப் படுப்பாள், கொஞ்ச நேரத்தில் மறுபடி வருவாள். நான் முழித்துக்கொண்டாலும் தூங்குகிற மாதிரியே கிடப்பேன். கண் திறந்தால் அழுதுவிடுகிறாள்.

ஸ்கூல் வேன் 7.10-க்கு என்பதால் காலையில் ஆறு மணிக்கு எழுப்பியாக வேண்டும். இந்த வயதுக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறார் டாக்டர். அவளுக்கு ஐந்து, ஆறு மணி நேரம் கிடைத்தாலே பெரிசு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மோடு சுருண்டு ஏழு மணி வரை தூங்குகிறாள். பாவம் என்று விட்டால் ராத்திரி இன்னும் தள்ளிப்போகிறது, எழுப்பினால் சிடுசிடுப்பு.

காலையில் வயிற்றுவலி என்பாள். திங்கட்கிழமையும், டெஸ்ட் இருக்கிற நாளும் நிச்சயம் வரும். குழந்தைகள் டாக்டரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. உடம்பில் ஒன்றும் கோளாறு இல்லை, பயத்தால் வருகிற வலி, ஆனால் வலி நிஜம், நடிக்கிறாள் என்று நினைக்காதீர்கள் என்று சொன்னார். முதலில் ஸ்கூல் கவுன்சிலரைப் பாருங்கள், ஒரு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் எழுதித் தருகிறேன் என்றார். அவர் எழுதிய சீட்டையும் ரிப்போர்ட்டுகளையும் இந்த மெயிலோடு இணைத்திருக்கிறேன். ஒருநாள் ராத்திரி மனசு கேட்காமல் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்கும் பேசினேன். தமிழிலேயே பொறுமையாகக் கேட்டார்கள். அவர்கள் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். என் மாமியார் திருநீறு மந்திரித்துக் கையில் கயிறும் கட்டிவிட்டிருக்கிறார். ஸ்கூலில் அதைக் கழற்றச் சொன்னால் தயவுசெய்து இப்போதைக்கு விட்டுவிடச் சொல்லுங்கள். அது இருப்பது அவளுக்கு ஒரு தைரியம்.

தன்னை ஏதாவது செய்துகொள்வது பற்றியோ, இருக்கப் பிடிக்கவில்லை என்றோ அவள் பேசியதில்லை. நேராகவே கேட்டுப் பார்த்தேன். அவள் பயமெல்லாம் யாராவது போய்விடுவார்கள் என்பதுதான். ஸ்கூலில் இருக்கும்போதும், வீட்டில் அப்பத்தாவுக்கு என்ன ஆச்சோ என்று நினைப்பு ஓடுவதாகச் சொல்கிறாள்.

உங்களிடம் நாங்கள் கேட்பது முதலில் இது: வாரம் ஒரு தடவையாவது அவளோடு தனியாகப் பேச வேண்டும். ட்ராயிங் பீரியடிலும் பி.டி. பீரியடிலும் மட்டும் கூப்பிட வேண்டாம். அவள் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவது அந்த இரண்டு வகுப்பும் இருக்கிற நாளில்தான். தாத்தாவைப் பற்றி எங்களிடம் பேச மாட்டேன் என்கிறாள், பேசினால் அப்பா அழுதுவிடுவார் என்று பயப்படுகிறாள். உங்களிடம் பேசுவாள் என்று நம்புகிறேன். அவள் சொல்வதையெல்லாம் எங்களிடம் சொல்ல வேண்டும் என்று கேட்க மாட்டோம். ஆபத்தான விஷயம் ஏதாவது இருந்தால் மட்டும் உடனே சொல்லுங்கள்.

அடுத்து, வயிற்றுவலி. இப்போது வலி என்றதும் ஆபீஸிலிருந்து போன் வருகிறது, நான் வேலையை விட்டு ஓடி வந்து கூட்டிப்போகிறேன். வீட்டு வாசலை மிதித்ததும் வலி நின்றுவிடுகிறது. இப்படியே போனால் வீட்டுக்குப் போவதுதான் மருந்து என்று அவள் மனதில் பதிந்துவிடும் என்று டாக்டர் எச்சரித்தார். காய்ச்சல், வாந்தி இருந்தால் ஒழிய அவளை அனுப்ப வேண்டாம். உங்கள் அறையிலோ சிக் ரூமிலோ பத்து நிமிஷம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்பட்டும். எல்லார் முன்னாலும் காரணம் சொல்லாமல் வெளியே வர, வகுப்பாசிரியரோடு பேசி ஒரு சைகையோ சின்ன அட்டையோ வைத்துக்கொள்ள முடியுமா?

முதல் பீரியடில் அவள் கண் அசந்துவிடுவதாகவும், எழுப்பிப் பின்னால் நிற்க வைப்பதாகவும் தெரிந்தது. டீச்சர் மேல் குறை சொல்லவில்லை, நாற்பது பிள்ளைகளில் ஒவ்வொருவர் வீட்டுக் கதையும் அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் நின்ற நாள் ராத்திரி அவள் சுத்தமாகத் தூங்குவதில்லை. முகம் கழுவிவிட்டு வரச் சொன்னால் போதும். விஷயத்தை வகுப்பாசிரியருக்கும் முதல் பீரியட் டீச்சருக்கும் மட்டும் சொன்னால் நல்லது. ஸ்டாஃப் ரூம் பேச்சாகிவிட வேண்டாம், பிள்ளைகள் காதுக்குப் போனால் அவள் ஸ்கூலுக்கே வர மாட்டாள்.

இன்னொன்று, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் டெஸ்ட் என்று ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் மெசேஜ் வருகிறது. எட்டுக்குள் வந்தால் அவளுக்கு மட்டுமில்லை, பல வீடுகளுக்கு நிம்மதி. அரையாண்டுத் தேர்வு வரை எழுத்து வேலையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கவும் கேட்டுப் பாருங்கள். தேர்வு எழுதுவதிலிருந்து விலக்கு எதுவும் வேண்டாம், எழுதட்டும்.

வீட்டில் நாங்களும் மாற்றி வருகிறோம். சாயங்காலம் தூங்கினால் அரை மணி நேரத்தில் எழுப்பிவிடப் பார்க்கிறேன். எட்டரைக்கு மேல் டிவி, போன் கிடையாது. மூச்சை மெதுவாக இழுத்து விடும் பயிற்சியை அவளும் நானும் சேர்ந்து செய்கிறோம். நீங்கள் வேறு ஏதாவது சொல்லிக்கொடுத்தால் அதையே வீட்டிலும் செய்வோம், இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருக்கும்.

அவள் அப்பாவுக்கு இதில் முழுச் சம்மதம் இன்னும் வரவில்லை. "சின்னப் பிள்ளை, போகப் போகச் சரியாயிடும்" என்கிறார். அப்பாவை இழந்த துக்கம் அவருக்கும் இருக்கிறது, அதையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் கேட்பார். அவருக்கு வியாழக்கிழமை வாராந்திர விடுமுறை. வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு மேல் உங்களுக்குத் தோதுப்படுமானால் இரண்டு பேருமே வந்து பார்க்கிறோம். இல்லாவிட்டால் நீங்கள் சொல்லும் நாளில் நான் பர்மிஷன் போட்டுவிட்டு வருகிறேன். அவசரமென்றால் ஸ்கூல் டைரியில் இருக்கும் என் நம்பருக்குக் கூப்பிடுங்கள்.

உங்களைப் பார்க்கப் போகிறோம் என்று தர்ஷினியிடம் சொல்லிவிட்டேன். "திட்டுவாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றதும், "அப்போ என் ட்ராயிங் நோட்டைக் கொண்டுபோகலாமா?" என்றாள். கொண்டு வருவாள், பாருங்கள் மேடம்.

நன்றியுடன்,
மீனாட்சி
(தர்ஷினியின் அம்மா, 6 'பி')