பிரியாவிடை விழாவுக்குப் பின் தமிழாசிரியருக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்று நடைபெற்ற எங்கள் பிரியாவிடை விழாவுக்குத் தாங்கள் வருகை தந்து, இறுதிவரை இருந்து வாழ்த்தியமைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவர்கள் அனைவரின் சார்பாகவும் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். மேடையில் சொல்லவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தும், ஒலிவாங்கியைக் கையில் வாங்கியதும் ஏற்பட்ட பதற்றத்தில் பாதியை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். தங்களைப் பற்றி எழுதியிருந்தது அந்த விடுபட்ட பாதியில்தான்.

பதினோராம் வகுப்பில் நான் ஒப்படைத்த முதல் கட்டுரையில் ‘முயற்சித்தேன்’ என்று எழுதியிருந்ததைத் தாங்கள் சுழித்து, பக்கத்தில் ‘முயன்றேன்’ என்று திருத்தித் தந்தீர்கள். மதிப்பெண்ணைக் குறைத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால், இடைவேளையில் என்னை அழைத்து, முயற்சி என்பது பெயர்ச்சொல் என்றும் அதற்குரிய வினை ‘முயல்’ என்றும் விளக்கி, “பயிற்சி என்பதிலிருந்து ‘பயிற்சித்தேன்’ என்று சொல்வாயா, ‘பயின்றேன்’ என்றுதானே சொல்வாய்?” என்று கேட்டீர்கள். அன்று சிரித்துவிட்டேன். அதன்பின் ஒரு சொல்லில் ஐயம் வந்தால், அதன் வேர் எது என்று பார்க்காமல் எழுத என் கை வருவதில்லை.

தேர்ச்சி பெறுவோமா என்று அஞ்சிய நண்பர்களை மாலை வேளைகளில் தங்களருகே அமர்த்தி, ஒரு சொல்லும் கடியாமல் வாசிக்கப் பழக்கியதையும் அவர்கள் சார்பில் நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

ஒரு பிழைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். அரங்கின் முகப்பில் கட்டியிருந்த பதாகையில் ‘நல்வாழ்த்துக்கள்’ என்று அச்சாகியிருந்ததைத் தாங்கள் நிமிர்ந்து பார்த்ததும், ஒன்றும் சொல்லாமல் புன்னகைத்து உள்ளே சென்றதும் என் கண்ணில் பட்டன. ‘வாழ்த்துகள்’ என்றே எழுதுமாறு தாங்கள் பலமுறை சொல்லித் தந்திருந்தும், அச்சகத்துக்கு எழுதி அனுப்பியவள் நான்தான். அந்தப் புன்னகைக்குத் தனியாக ஒரு நன்றி, அம்மா.

இம்மடலின் முதல் படியில் ஓரிடத்தில் ‘உங்கள்’ என்றும் மற்றோரிடத்தில் ‘தங்கள்’ என்றும் கலந்து எழுதியதோடு, ‘தாங்கள் வந்தார்கள்’ என்றும் எழுதிவிட்டேன். ‘தாங்கள்’ என்று தொடங்கினால் ‘வந்தீர்கள்’ என்றுதான் முடியவேண்டும் என்று என் அக்கா எடுத்துக்காட்டிய பின், முழுவதையும் திருத்தி மீண்டும் எழுதினேன்.

தாங்கள் இரவலாகத் தந்த தமிழ் அகராதி இன்னும் என்னிடம்தான் உள்ளது. பொதுத்தேர்வு முடிந்த மறுநாள் நேரில் வந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
வகுப்புத் தலைவி, பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு