மலர்ப் பொருளடக்கத்தை அமைக்கும் முறை: மலர்க்குழுச் செயலாளருக்கு

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

திருகோணமலைச் சிறப்பு மலருக்காக நீங்கள் அனுப்பிய பட்டியல் கிடைத்தது. அச்சுக்கு முன் பக்க எண்கள் இன்னும் மாறக்கூடும் என்பதால், பொருளடக்கத்தை நீங்களே திருத்திக்கொள்ளும்படி வேர்டில் அமைக்கும் முறையை எழுதுகிறேன். பட்டியலின் ஒரு பகுதி இது:

```
சம்பந்தரின் கோணமலைப் பதிகம், 5
கோட்டை, துறைமுகம், நகரம், 12
கன்னியா வெந்நீரூற்றுகள், 31
1942 ஏப்ரல் 9: துறைமுகக் குண்டுவீச்சைப் பற்றி மூத்தோர் சொன்னவை, 104
```

தலைப்புக்கும் எண்ணுக்கும் இடையே புள்ளிகளைக் கையால் தட்ட வேண்டாம். தமிழில் ‘கோ’ என்பது கணினிக்கு இரண்டு குறியீடுகள், கண்ணுக்கு ஓரெழுத்து, தாளிலோ மூன்று எழுத்துகளின் அகலம். எனவே குறியீடுகளை எண்ணிப் புள்ளி நிரப்பினாலும், இடைவெளி விசையை அழுத்தி அழுத்திச் சரிசெய்தாலும், எழுத்துரு மாறிய மறுகணமே எண்கள் வரிசை கலைந்துவிடும். புள்ளிகளை இடும் வேலையை வேர்டின் தாவல் நிறுத்தத்திடமே விட்டுவிட வேண்டும்.

முதலில், எண்ணுக்கு முன்னுள்ள காற்புள்ளியைத் தாவலாக மாற்றவேண்டும். இரண்டாம் தலைப்பினுள்ளேயே காற்புள்ளிகள் இருப்பதால், எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக மாற்றக்கூடாது. Find and Replace பெட்டியில் Use wildcards என்பதைத் தெரிவுசெய்து, வரியின் முடிவிலுள்ள எண்ணை ஒட்டிய காற்புள்ளி மட்டும் மாறும்படி, முதல் வரியைத் தேடலிலும் இரண்டாம் வரியை மாற்றீட்டிலும் இடுங்கள்:

```
, ([0-9]@)^13
^t\1^p
```

அடுத்து, பட்டியல் முழுவதையும் தெரிவுசெய்து, Paragraph பெட்டியின் Tabs பொத்தானை அழுத்துங்கள். மலர் ஏ5 தாளில், அதாவது 148 மி.மீ. அகலத்தில், இருபுறமும் 19 மி.மீ. ஓரத்துடன் வருவதால் எழுத்துப் பரப்பு 110 மி.மீ. ஆகும், ஆகவே நிலையை 11 செ.மீ. என இட்டு, Alignment என்பதில் Right என்பதையும், Leader என்பதில் புள்ளிகள் கொண்ட 2 ஆம் தெரிவையும் கொடுத்து, Set அழுத்துங்கள். 5, 31, 104 ஆகிய எண்கள் வலது விளிம்பில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்.

குண்டுவீச்சுக் கட்டுரை போன்ற நீண்ட தலைப்பு, எண்ணின்மேல் ஏறாமல் அடுத்த வரிக்கு மடங்க வேண்டும். அதற்கு அதே Paragraph பெட்டியில் Right உள்ளொதுக்கத்தை 1.5 செ.மீ. ஆகவும், Special என்பதில் Hanging தெரிந்து 0.7 செ.மீ. ஆகவும் வைத்தால் போதும். தாவல் நிறுத்தம் இந்த உள்ளொதுக்கத்துக்கு வெளியே இருந்தாலும் எண் அங்கேயே சென்று நிற்கும். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்க விரும்பினால், தாவலை விட்டுவிட்டுத் தலைப்பை மட்டும் தெரிவுசெய்யுங்கள். இல்லாவிட்டால் புள்ளிகளும் தடித்து, பக்கம் முழுவதும் கரும்புள்ளி குத்தியது போலாகிவிடும்.

கட்டுரைகள் வெவ்வேறு கோப்புகளாக வந்திருப்பதால், வேர்டின் தானியங்கிப் பொருளடக்கத்தை இம்முறை நான் பயன்படுத்தவில்லை. இறுதிப் படியில் எண் மாறினால், அந்த எண்ணை மட்டும் அழித்து மாற்றுங்கள். புள்ளிகள் தாமே நீளும், குறுகும்.

இப்படிக்கு,
அச்சக வடிவமைப்பாளர்