படக் குறிப்பேடு

மதிப்பெண் 5க்கு. அரை மதிப்பெண் கிடையாது. அதற்கு இடம் கொடுத்தால் எல்லாப் படமும் மூன்றரையில் போய் நிற்கும்.

5: எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுவேன்
4: இன்னொருவரை வற்புறுத்திப் பார்க்க வைப்பேன்
3: ஒருமுறை பார்த்தது போதும்
2: ஓரிரு காட்சிக்காகச் சகித்துக்கொண்டது
1: பாதியில் எழுந்திருக்கலாம்

படம் முடிந்த இரவே ஒரு மதிப்பெண், ஒரு வாரம் கழித்து இன்னொன்று. முதலாவதை அழிக்கக் கூடாது. கதைச் சுருக்கம் வேண்டாம், அது எங்கேயும் கிடைக்கும். கண்ணில் நின்ற ஒரு காட்சியும், எந்தப் படத்தின் பக்கத்தில் வைக்கலாம் என்பதும் கட்டாயம்.

மார்ச் 2. ரியர் விண்டோ (1954), ஹிட்ச்காக்
இரவு: 5. வாரம் கழித்து: 4.
காட்சி: காலில் மாவுக்கட்டோடு நாற்காலியில் கிடப்பவன், தன்னைக் கொல்ல வருபவனின் கண்ணைக் கேமரா ஃபிளாஷால் கூசவைப்பது. புகைப்படக்காரனுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கும்!
நடந்தது எல்லாம் நினைவிருக்கிறது, ஆட்கள் கொஞ்சம் மங்கிவிட்டார்கள். அதனால்தான் ஒன்று குறைந்தது.

மார்ச் 9. 12 ஆங்ரி மென் (1957), சிட்னி லுமெட்
இரவு: 5. வாரம் கழித்து: 5.
காட்சி: கொலை வழக்கில் தீர்ப்பு சொல்ல ஓர் அறையில் கூடிய பன்னிரண்டு ஜூரிகளில், வியர்வையே வராத கண்ணாடிக்காரரிடம், சில நாள் முன்பு பார்த்த படத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். தலைப்பைத் தப்பாகச் சொல்கிறார், நடிகர் பெயர் வரவில்லை. அப்போதுதான் நெற்றியைத் துடைக்கிறார். ஒரு மனிதரின் உறுதி ஆட்டம் காண்பதை ஒரு கைக்குட்டையில் காட்டிவிட்டார்கள்.
கேமரா: முதலில் கண்மட்டத்துக்கு மேலே, போகப் போகக் கீழே இறங்குகிறது. லென்ஸும் மாறுவதால் சுவர்கள் நெருங்கி வருகின்றன. அறை அதேதான், மூச்சு முட்டுகிறது.
பக்கத்தில்: ரியர் விண்டோ. இரண்டும் பெரும்பாலும் ஒரே அறை. அங்கே ஜன்னல் வழியாகக் கதை உள்ளே வருகிறது, இங்கே வெளியே போக வழியே இல்லை.

மார்ச் 14. ரஷோமான் (1950), குரோசாவா
இரவு: 4.
தூக்கக் கலக்கத்தில் பார்த்தது. விறகுவெட்டி காட்டுக்குள் நடந்து போகும் அந்த நீண்ட நடை மட்டும் போதும். இரண்டாம் மதிப்பெண் மறுபடி பார்த்த பிறகு.

மார்ச் 16. உதிரிப்பூக்கள் (1979), மகேந்திரன்
இரவு: 4. வாரம் கழித்து: 5.
காட்சி: ஊரே கூடி ஒருவனை ஆற்றுக்குள் இறங்கச் சொல்வது. அவனை அவ்வளவு வெறுத்தும், கரையில் குழந்தைகளைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தண்டனை கசந்துபோனது.
பக்கத்தில்: 12 ஆங்ரி மென். நேர் எதிர்த்திசை. அங்கே சாவுக்குக் கை தூக்கிய பதினொரு பேரும் ஒவ்வொருவராக இறங்கி வருகிறார்கள். இங்கே சாதுவான மனிதர்கள் ஒவ்வொருவராகச் சாவின் பக்கம் வந்து சேர்கிறார்கள், தடுக்க, அங்கே முதலில் தனியாக மறுத்து நின்ற எட்டாம் நம்பர் ஜூரியைப் போல ஒருவர் இல்லை. இதை எழுதியபோதுதான் நாலு ஐந்தானது.
அடுத்து: கூட்டம் தீர்ப்பு சொல்லும் படங்கள் இன்னும் இரண்டு தேட வேண்டும், இவற்றோடு வைத்துப் பார்க்க.