மொரீஷியஸ் ரம்மில் மெத்தனாலும் உயர் ஆல்கஹால்களும்: ஆய்வறிக்கையின் செய்முறைப் பகுதி

2.1 மாதிரிகள்

கரும்புச் சாற்றிலிருந்து வடித்த ரம், மொலாசஸ் ரம், பழமும் வெனிலாவும் ஊறவைத்த ‘ரம் அராஞ்சே’ ஆகிய மூன்று வகைகளையும் போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில் கடைகளில் மூடி உடைக்காத புட்டிகளாக வாங்கினோம். புட்டிகளை 4 °C-இல் வைத்தோம். எடுத்த புட்டியை மூடியோடு அறை வெப்பத்துக்கு வரவிட்ட பிறகே திறந்தோம். அசெட்டால்டிஹைடு 20 °C-இலேயே கொதிக்கும். திறந்த புட்டியிலிருந்து அது வெளியேறிவிட்டால், பின்னால் எந்தக் கணக்கும் அதைத் திருப்பித் தராது.

அராஞ்சேயில் சர்க்கரை இருக்கிறது. அப்படியே செலுத்தினால், கருவியின் நுழைவறைக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனரில் கருகி ஒட்டும். அடுத்த பத்து ஓட்டங்களின் பீக் வடிவம் கெடும். ஆகவே அதை மட்டும் 100 மி.லி. எடுத்து, வடித்து, 20 °C-இல் மறுபடி 100 மி.லி. ஆக்கினோம்.

2.2 கருவி

சுடரயனி டிடெக்டர் பூட்டிய கேஸ் குரோமட்டோகிராஃப். பாலிஎத்திலீன் கிளைகால் பூசிய பிரிப்புக் குழாய், 60 மீ × 0.25 மி.மீ., பூச்சு 0.5 மைக்ரான். ஹீலியம், நுழைவு அழுத்தம் 100 கிலோபாஸ்கல். நுழைவறை 220 °C, டிடெக்டர் 250 °C, ஸ்பிளிட் 1:25. அடுப்பு 40 °C-இல் 5 நிமிடம். பிறகு நிமிடத்துக்கு 5 °C வீதம் 120 °C வரை. அதன்பின் நிமிடத்துக்கு 20 °C வீதம் 200 °C. அங்கே 5 நிமிடம்.

செலுத்திய அளவு 0.5 மைக்ரோலிட்டர். வழக்கமான 1 மைக்ரோலிட்டரைத் தவிர்த்ததற்குக் காரணம் தண்ணீர். 40 சதவீத ரம்மில் 1 மைக்ரோலிட்டர் ஆவியானால், இந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஏறக்குறைய 860 மைக்ரோலிட்டர் இடத்தை அடைக்கும். உள்விட்டம் 4 மி.மீ. கொண்ட நம் லைனரின் மொத்தக் கொள்ளளவே 1,000-க்குச் சற்றுக் குறைவு. அதிலும் ஹீலியம் ஓடிக்கொண்டிருக்கிறது. கொஞ்சம் கூடிப்போனால் ஆவி பின்வாங்கி, ஊசி குத்தும் ரப்பர் மூடியான செப்டம் பக்கம் போகும், அடுத்த ஓட்டத்தில் பேய்ப் பீக்காகத் திரும்பி வரும்.

2.3 ஊசியின் அளவு ஏன் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது

மாதிரியைக் கையால், 10 மைக்ரோலிட்டர் சிரிஞ்சில் செலுத்தினோம். சிரிஞ்சின் கோட்டில் 0.5 என்று தெரிவதே உள்ளே போகிற அளவு என்று நினைக்க முடியாது. ஊசித் தண்டுக்குள்ளேயே 0.6 மைக்ரோலிட்டருக்கு மேல் திரவம் நிற்கும். ஊசி சூடான நுழைவறைக்குள் இருக்கும் நேரத்தைப் பொறுத்து அந்த மீதியும் கொதித்து வெளியேறும். சட்டென்று குத்தி எடுத்தால் கொஞ்சம். ஒரு நொடி தயங்கினால் கூடுதல். செப்டம் பழசாகிக் கசிந்தால், ஸ்பிளிட் வால்வு சற்று ஆடினால், அதுவும் இதோடு சேரும்.

ஒரே சிறு குப்பியிலிருந்து, அதாவது வயலிலிருந்து, அடுத்தடுத்து எடுத்த இரண்டு ஓட்டங்களைப் பாருங்கள். முதலாவதில் ஐசோபியூட்டனாலின் பீக் பரப்பு 4,812. தெரிந்த அளவில் நாமே மாதிரியில் சேர்த்த அகத்தரப்பொருளின் பரப்பு 6,015. இரண்டாவதில் 4,331, 5,411. ஐசோபியூட்டனாலை மட்டும் பார்த்தால் ரம் பத்து சதவீதம் இளைத்துவிட்டது போலிருக்கும். விகிதத்தைப் பார்த்தால் முதலாவது 0.8000, இரண்டாவது 0.8004.

காரணம் எளிது. டிடெக்டரை அடையும் நிறையே பரப்பைத் தீர்மானிக்கிறது:

```
A_x  = k_x  · c_x  · V
A_is = k_is · c_is · V
A_x / A_is = (k_x / k_is) · (c_x / c_is)
```

A பீக் பரப்பு, k டிடெக்டரின் பதில், c செறிவு; x அளக்கும் பொருள், is அகத்தரப்பொருள். V என்பது அந்த ஓட்டத்தில் உண்மையாகக் குழாய்க்குள் போன அளவு. அது என்னவென்று நமக்குத் தெரியாது, தெரியவும் தேவையில்லை. இரண்டு பொருளும் ஒரே துளியில், ஒரே நொடியில் போவதால் V மேலும் கீழும் ஒன்றாகவே நின்று அடிபட்டுப் போகிறது. மிஞ்சுவது செறிவுகளின் விகிதமும், டிடெக்டரின் குணத்தைச் சொல்லும் ஒரு மாறிலியும்தான்.

ஆனால் இந்தச் சமன்பாடு ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: இரண்டு வரியிலும் உள்ள V உண்மையிலேயே ஒன்றாக இருக்க வேண்டும். ஊசிக்குள் கொதிக்கும்போது லேசான பொருள் முந்திக்கொள்ளும், கனமானது பின்தங்கும். அப்போது இரண்டுக்கும் V வேறாகிவிடும். பரிசோதிக்கும் பொருளுக்கு நெருங்கிய கொதிநிலையும் அதே வேதிக் குணமும் கொண்டதை அகத்தரப்பொருளாகத் தேடுவது இதனால்தான்.

2.4 தேர்வு

நான்கு ஆல்கஹால்களைச் சோதித்தோம்.

பியூட்டன்-1-ஆல் (கொதிநிலை 118 °C) எல்லா விதத்திலும் பொருத்தமானது, ஒன்றைத் தவிர: ரம்மில் அது இயல்பாகவே இருக்கிறது. பென்டன்-1-ஆலும் சிறு அளவில் இருக்கக்கூடும். மாதிரியில் ஏற்கெனவே உள்ள பொருளைத் தரப்பொருளாகச் சேர்த்தால் A_is ஊதிப்போகும். எல்லா முடிவும் ஒரே வீதத்தில் குறையும். பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியாது.

பென்டன்-3-ஆல் (116 °C) மதுபானப் பகுப்பாய்வில் பரவலாகப் புழங்குவது. ஐரோப்பிய ஆணையத்தின் 2870/2000 ஒழுங்குவிதி முறையிலும் அது இடம்பெறுகிறது. நம் குழாயில் அது 14.1 நிமிடத்தில் வந்தது. 14.3-இல் ஐசோஅமைல் அசிட்டேட் வருகிறது. மொலாசஸ் ரம்மில் சிக்கல் இல்லை. எஸ்டர் மிகுந்த கரும்புச்சாற்று ரம் ஒன்றில் மட்டும் அந்த அசிட்டேட் பென்டன்-3-ஆலின் வால் மேல் ஏறி நின்றது. ஒரு வகை மாதிரிக்கு ஒத்துவந்து இன்னொன்றுக்குக் கைவிடும் தரப்பொருளை வைத்து இரண்டையும் ஒப்பிடுவது சரியாகாது என்பதால் விட்டோம்.

4-மெத்தில்பென்டன்-2-ஆல் (132 °C) தேர்வானது. 15.2-இல் பியூட்டன்-1-ஆலும் 17.4-இல் அமைல் ஆல்கஹால்களும் வர, இது 16.0-இல், இரண்டுக்கும் நடுவே வெறும் இடத்தில் நின்றது. தரப்பொருள் சேர்க்காத ரம்மை ஒவ்வொரு வகையிலும் முதலில் ஓட்டி, 15.8 முதல் 16.2 நிமிடம் வரை அடிக்கோடு தட்டையாக இருப்பதை உறுதிசெய்தோம். இந்த ஒரு ஓட்டத்தைச் சோம்பலால் விடுபவர்கள் உண்டு, விடக் கூடாது. இது ஆல்கஹால் என்பதால் குழாயில் மற்ற ஆல்கஹால்களைப் போலவே நடந்துகொள்கிறது, பீக் வால் விடுவதில்லை, எத்தனாலோடு வினைபுரிவதில்லை.

எத்தனாலையே தரப்பொருளாகக் கொள்ளலாமே என்ற கேள்வி எழும்; அப்படிச் செய்யும் முறைகளும் உண்டு. நம் நிலைமைகளில் எத்தனாலின் பீக் குழாயை நிரப்பி, சாய்ந்து நின்றது. அதன் பரப்பை நம்பவில்லை.

2.5 சேர்த்த விதம்

100 மி.லி. குடுவையை வெறுமையாக எடைபோட்டு, அதில் பாதிக்கு 50 சதவீத எத்தனால் விட்டு, 3.012 கிராம் 4-மெத்தில்பென்டன்-2-ஆலைச் சேர்த்து, அதே எத்தனாலால் நிரப்பினோம். கரைசலின் மொத்த எடை 93.05 கிராம், ஆக ஒரு கிராம் கரைசலில் 32.37 மி.கி. தரப்பொருள்.

மாதிரி 10 மி.லி.யை மூடியுள்ள வயலில் எடைபோட்டு, அதன்மேல் கரைசல் 100 மைக்ரோலிட்டர் விட்டு, மூடி, மறுபடி எடைபோட்டோம். பிப்பெட்டின் அளவைக் கணக்கில் எடுக்கவில்லை. எடையை மட்டும் எடுத்தோம். எத்தனால் கரைசல் பிப்பெட் முனையிலிருந்து தானாகச் சொட்டும். ஜனவரியில் ஆய்வகம் 28 °C-க்குப் போனால், 20 °C-க்கு அளவிட்ட குடுவையில் 40 சதவீத எத்தனால் சுமார் 0.6 சதவீதம் விரிந்திருக்கும். எடைக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சேர்ப்பது 0.093 கிராம்தான்; தராசு 0.1 மி.கி. வரை காட்டினால் பிழை ஆயிரத்தில் ஒன்று.

சேர்த்த அளவு மாதிரியில் லிட்டருக்கு 300 மி.கி. அளவில் அமையும். ஐசோபியூட்டனால், புரோபனால் பீக்குகளின் உயரத்துக்கு அது பக்கத்தில் வரும். மிகச் சிறிய பீக்கை வைத்தால் அடிக்கோட்டின் நடுக்கமே விகிதத்தை ஆட்டும். வடித்த அராஞ்சேக்கு, வடித்த பிறகே சேர்த்தோம். முன்னால் சேர்த்திருந்தால் வடிப்பில் ஏற்படும் இழப்பும் ஊசியின் இழப்பும் ஒன்றாகக் கலந்து, எது எங்கே போனது என்று பிரிக்க முடியாமல் போயிருக்கும்.

2.6 பதில் காரணியும் கணக்கும்

சுடரயனி டிடெக்டர் எல்லாப் பொருளுக்கும் ஒரே அளவில் பதில் தராது. மெத்தனாலில் ஒரே ஒரு கார்பன், அதுவும் ஆக்சிஜனோடு கட்டுண்டது. அதனால் ஒரு மில்லிகிராமுக்கு அது தரும் பரப்பு தரப்பொருளைவிட மிகக் குறைவு. ஆகவே காரணியை 1 என்று வைத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பொருளுக்கும் 40 சதவீத எத்தனாலில் ஐந்து செறிவுகளில் அளந்தோம். வெறும் எத்தனாலையும் ஓட்டி, அதிலேயே உள்ள மெத்தனாலைக் கழித்தோம். தரக்கரைசலைத் தண்ணீரில் மட்டும் செய்தால் ஆவியாகும் விதம் மாறி, காரணி ரம்முக்குப் பொருந்தாது.

```
w_x = RF · (A_x / A_is) · (m_is · w_is) / m_s
```

மேலே காட்டிய முதல் ஓட்டத்துக்கு: பதில் காரணி RF 1.12, விகிதம் 0.8000, கரைசல் எடை m_is 0.0931 கிராம், அதில் தரப்பொருள் w_is கிராமுக்கு 32.37 மி.கி., மாதிரி எடை m_s 9.476 கிராம். ஐசோபியூட்டனால் கிராமுக்கு 0.285 மி.கி. அடர்த்தி 0.948-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 0.270 கிராம். ரம்மின் வலிமை 40.0 சதவீதம் என்பதால், தூய ஆல்கஹால் ஹெக்டோலிட்டருக்கு 67.5 கிராம். 2-மெத்தில், 3-மெத்தில் பியூட்டன்-1-ஆல்கள் முழுதாகப் பிரியவில்லை, கூட்டித் தந்திருக்கிறோம்.

2.7 ஏற்பும் நிராகரிப்பும்

ஒவ்வொரு வயலும் மூன்று முறை ஓட்டப்பட்டது. தரப்பொருளின் பரப்பு அன்றைய ஓட்டங்களின் இடைநிலை மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட்டு, செப்டத்தை மாற்றி மறுபடி ஓட்டினோம், விகிதம் சரியாகத் தெரிந்தாலும்கூட. கசிவு பெரிதானால் லேசான பொருளும் கனமானதும் ஒரே வீதத்தில் போகாது.

அசெட்டால்டிஹைடு, எத்தில் அசிட்டேட் (77 °C) ஆகிய இரண்டுக்கும் 132 °C-இல் கொதிக்கும் தரப்பொருள் சுமாரான துணைதான். அவற்றின் மூன்று ஓட்டங்களுக்கிடையே 5 சதவீதம் வரை வேறுபாட்டை ஏற்றோம். மெத்தனாலுக்கு 3, மற்ற ஆல்கஹால்களுக்கு 2 சதவீதம்.

முடிவு கோணலாக வந்தபோது வடிவத்தைப் பார்த்தோம். எல்லாப் பொருளும் ஒரே வீதத்தில் இறங்கினால் தவறு தரப்பொருளைச் சேர்த்ததில்: பாதியாக இறங்கினால் ஒரே வயலில் இரண்டு முறை விட்டிருக்கிறார்கள். லேசானவை மட்டும் மாறினால் நுழைவறை அல்லது வயல் மூடி. ஒன்றே ஒன்று மட்டும் ஏறினால் அந்தப் பீக்குக்கு அடியில் வேறொன்று ஒளிந்திருக்கிறது; அடுப்பை 40 °C-இல் 10 நிமிடம் நிறுத்தி அந்த மாதிரியை மறுபடி ஓட்டினோம். முதல் வகைத் தவறுக்கு மறுபடி ஊசி போடுவதில் பயனில்லை. விகிதம் எத்தனை முறை ஓட்டினாலும் அதே தவறான எண்ணைத்தான் அழகாகத் திருப்பித் தரும்; புது வயலில் புதிதாக எடைபோட வேண்டும்.