கருத்தரங்கு 3ஆம் குழு: ஒலிப்பதிவிலிருந்து எழுதிய கூட்டக் குறிப்பு

கூட்டம்: 12.06.2025 வியாழன், பி.ப. 2.10 – 3.34, விவசாய பீடம், அறிவியல்நகர், கிளிநொச்சி
கருத்தரங்கு நாள்: 26.06.2025 வியாழன் (உரை 20 நிமிடம், கேள்வி 10 நிமிடம்)
வந்தோர்: சிந்துஜா (தலைமை), கஜீபன், பர்வீன், தர்ஷன், நிரோஷினி (குறிப்பு). நிலக்ஷன் 2.50க்கு வந்தார். வழிகாட்டி விரிவுரையாளர் முதல் அரை மணி நேரம் இருந்தார்.

பதிவைப் பற்றி

பதிவு 1 மணி 24 நிமிடம். பதிவு செய்ய எல்லோரும் சம்மதித்தது தொடக்கத்திலேயே கேட்கிறது. அடைப்புக்குள் இருப்பது நிமிடம்:செக்கன். சந்தேகம் வந்தால் அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். 33:10 முதல் 34:30 வரை நாலு பேர் ஒன்றாகக் கதைக்கிறார்கள், மின்விசிறி இரைச்சலும் சேர்ந்துவிட்டது. அந்தப் பகுதியிலிருந்து எதையும் எடுக்கவில்லை.

சிந்துஜா திருப்பிச் சொல்லி, ஒருவரும் மறுக்காதவை மட்டுமே கீழே "முடிவு". "பாப்பம்", "செய்யலாம்தானே" என்று முடிந்த கதைகள் "தீராதவை" பகுதியில் உள்ளன. "நாளைக்கு", "வாற கிழமை" என்று சொன்னவற்றைத் திகதியாக மாற்றியிருக்கிறேன். "நான் பாக்கிறன்" என்று மட்டும் சொன்னவர்களிடம் கூட்டம் முடிந்தபின் கேட்டு, ஒத்துக்கொண்ட பிறகே அவர்கள் பெயரில் வேலை எழுதினேன்.

1. தலைப்பு (04:15 – 19:30)

வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு என்ற மூன்று குளங்களையும் எடுப்பது முதல் எண்ணம். பாலி ஆறு, பேராறு, கனகராயன் ஆறு என்று ஒவ்வொன்றுக்கும் நீர் தரும் ஆறு வேறு. அந்த விளக்கமே 20 நிமிடத்தைத் தின்றுவிடும் என்றார் விரிவுரையாளர். முத்தையன்கட்டுத் தரவு தன்னிடம் இருப்பதால் அதையும் வைக்க வேண்டும் என்று தர்ஷன் கேட்டார் (14:50).

முடிவு 1: இரணைமடு மட்டும். தலைப்பு "இரணைமடுவில் சிறுபோக நீர்ப் பங்கீடு: மேல் வாய்க்காலும் கடை வாய்க்காலும்". தர்ஷனின் தரவு கேள்வி நேரத்துக்கான மேலதிக சிலைட்டாக இருக்கும். நிலக்ஷன் வந்ததும் இது அவருக்கு வாசிக்கப்பட்டது, சம்மதித்தார் (41:05).

2. ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நீர் (19:30 – 47:20)

கூட்டத்தில் அதிக நேரம் போனது இதற்குத்தான். சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி போதும் என்றார் கஜீபன் (21:40). வாய்க்கால் இழப்பையும் சேர்த்தால் 5 வேண்டும் என்றார் பர்வீன் (23:05). இருவரும் வேறு வேறு இடத்தில் அளந்த நீரைச் சொல்கிறார்கள் என்பது 29:30இல்தான் தெரிந்தது: கஜீபன் சொன்னது வயல் வரம்பில் வந்து சேரும் நீர், பர்வீன் சொன்னது குளத்தின் துருசில் திறக்கும் நீர். இது கலந்துபோனால் உரை முழுவதும் பிழைக்கும்.

10,000 ஏக்கர் அடி நீர் கையில் இருந்தால் 4 என்ற கணக்கில் 2,500 ஏக்கர், 5 என்ற கணக்கில் 2,000 ஏக்கர். 500 ஏக்கர் வித்தியாசம் என்றால் யாரோ சிலரின் வயல் விதைக்காமல் கிடக்கும் என்று சிந்துஜா சுட்டினார் (37:15).

38:50இல் கஜீபன் "நாற்பதாயிரம்" என்கிறார், அலகு கேட்கவில்லை. ஏக்கரா, ஏக்கர் அடியா என்று கேட்டபோது அவருக்கும் நிச்சயமில்லை. அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முடிவு 2: ஒவ்வொரு எண்ணுடனும் அளந்த இடம் (துருசு அல்லது வரம்பு) எழுதப்படும். மூலம் இல்லாத எண் சிலைட்டில் வராது. 4, 5 இரண்டும் "எடுகோள்" என்றே காட்டப்படும்.
முடிவு 3: ஆவியாதலுக்கு ஆவியாதல் தட்டின் வாசிப்பை 0.7ஆல் பெருக்கிப் போடுவோம். தட்டின் வாசிப்பை அப்படியே போட்டால் குள இழப்பு கூடிக் காட்டும். தட்டு குளத்தை விட விரைவாகச் சூடேறும்.

3. கள அளவீடு (47:20 – 66:00)

மிதவை முறை. வளைவில்லாத 20 மீற்றர் வாய்க்காலைக் கயிறு கட்டிக் குறித்து, மிதவையை மூன்று தரம் விட்டுச் சராசரி எடுப்பது. அரைவாசி நீர் நிரப்பிய சிறு போத்தல் நல்லது. வெறும் போத்தலைச் சோளகம் தள்ளிவிடும் (52:30, நிலக்ஷன்). மேற்பரப்பு வேகத்தை 0.85ஆல் பெருக்க வேண்டும், அடிநீர் மெதுவாக ஓடுவதால். பர்வீன் பலகையில் போட்ட மாதிரிக் கணக்கு: 20 மீற்றருக்கு 50 செக்கன், வேகம் 0.40, திருத்தியபின் 0.34 மீற்றர்/செக்கன். அகலம் 1.5, ஆழம் 0.4 மீற்றர் என்றால் பரப்பு 0.6 சதுர மீற்றர். பாய்ச்சல் செக்கனுக்கு 204 லீற்றர்.

மேலேயும் கீழேயும் அளந்து கழித்தால் இழப்பு வரும் என்பதைத் தர்ஷன் மறுத்தார் (60:10): இடையில் திறந்திருக்கும் வயல் வாய்களின் நீரும் இழப்பாகிவிடும். எல்லோரும் ஏற்றார்கள்.

முடிவு 4: 17.06 செவ்வாய் காலை 7 மணிக்கு அளப்போம். அன்று அந்த வாய்க்காலுக்கு நீர் விடும் முறை இல்லையென்றால் 18.06 புதன். இடையிலுள்ள திறந்த வாய்கள் எண்ணி, ஒவ்வொன்றின் பாய்ச்சலும் அளக்கப்படும்.

4. குடிநீர் விடயம் (66:00 – 76:40)

இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுபோகும் திட்டத்தையும் கமக்காரர் எதிர்ப்பையும் சேர்ப்பதா? கேள்வி கட்டாயம் வரும் என்றார் நிலக்ஷன்; உரை திசைமாறும் என்றார் சிந்துஜா. மாற்றாகத் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் அமைந்ததையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை என்று பர்வீன் சேர்த்தார்.

முடிவு 5: ஒரு சிலைட், ஒரு நிமிடம். நடந்தது மட்டும், குழு பக்கம் எடுக்காது.

5. சிலைட்

முடிவு 6: மொத்தம் 14 சிலைட், எழுத்துரு யூனிகோட் மட்டும். பாமினியில் அடித்தவை மாற்றப்பட வேண்டும். கருத்தரங்கு அறைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் வராது.

வேலைகள்

சிந்துஜா: வாய்க்கால் முறை நாளைக் கமக்காரர் அமைப்பிடமும், அளக்க அனுமதியை நீர்ப்பாசனத் திணைக்களத்திலும் கேட்பது. 13.06 வெள்ளி மாலை 5க்குள் எல்லோருக்கும் அறிவிப்பது. இது பிந்தினால் முடிவு 4 நடக்காது.
கஜீபன்: "நாற்பதாயிரம்" எந்த ஆவணத்தில், என்ன அலகில் உள்ளது என்று பக்க எண்ணுடன் தருவது; 4 ஏக்கர் அடிக்கான மூலமும். 16.06 திங்கள்.
பர்வீன்: 4, 5 இரண்டுக்குமான கணக்கு அட்டவணை, முடிவு 3இன்படி ஆவியாதல் சேர்த்து. 19.06 வியாழன். கஜீபனின் மூலம் வராவிட்டாலும் எடுகோளாகத் தொடர்வார்.
நிலக்ஷன்: 30 மீற்றர் நாடா, கயிறு, ஆழம் பார்க்கும் தடி, 4 போத்தல். 16.06 திங்கள். குடிநீர் சிலைட், 20.06 வெள்ளி.
தர்ஷன்: திறந்த வாய்களைக் குறிக்கும் படிவம், 16.06 திங்கள். முத்தையன்கட்டு மேலதிக சிலைட், 23.06 திங்கள்.
நிரோஷினி: சிலைட்களைச் சேர்த்து யூனிகோடுக்கு மாற்றுவது, 23.06 திங்கள் நண்பகல்.

தீராதவை

2018 டிசம்பர் வெள்ளத்தை முன்னுரையில் சொல்வதா (71:20, "பாப்பம்"). உரையைப் பிரித்துப் பேசுவதா, இருவர் மட்டும் பேசுவதா (79:00, மூன்று பேர் பிரிப்பதை விரும்பினர், முடிவு இல்லை). இரண்டும் அடுத்த கூட்டத்தில்.

அடுத்த கூட்டம்: 20.06 வெள்ளி, பி.ப. 2.00, அதே இடம்.

திருத்தம் இருந்தால் 14.06 சனி இரவு 8க்குள் நேரக்குறியுடன் நிரோஷினிக்கு அனுப்புங்கள். பதிவு கருத்தரங்கு முடியும்வரை குழுவிடம் மட்டும் இருக்கும், பிறகு அழிக்கப்படும்.