காட்சி 14: இராச்சாப்பாடு

திருகோணமலை, திருக்கடலூர். கண்ணன் வீடு. உள். இரவு.

ஆறு பேர், ஐந்து கதிரை. தேவி நின்றபடி பரிமாறுகிறாள். யார் பேசினாலும் கமெரா அவள் கைகளோடும் சொதிக் கோப்பையோடும்தான் மேசையைச் சுற்ற வேண்டும். இதுவரை அவள் வந்த காட்சிகளில் எல்லாம் கேட்ட காப்புச் சத்தம் இங்கே இல்லை. பின்னணி இசை போட்டு இதை மூடிவிடாதீர்கள், தயவுசெய்து.

அப்பா: (பிட்டைக் குழைத்தபடி) இருபத்தைஞ்சு குதிரைவலு, நல்லா இழுக்குது. 2004 மார்கழியில கடல் கொண்டுபோனதுக்குப் பிறகு இப்பதான் எங்களுக்கெண்டு ஒரு எஞ்சின்.

அம்மா: அதுவும் கடன்படாமல். என்ர பிள்ளை.

கண்ணன்: சாப்பிடுங்கோ அம்மா.

தேவி அவனுக்குச் சொதி ஊற்றுகிறாள். அவன் நிமிரவில்லை.

ரூபி: இண்டைக்குக் கோட்டையடியில மான் ஒண்டு என்ர புத்தகப் பையை இழுத்துக்கொண்டு...

அப்பா: (அவள் பேசும்போதே) வாடை தொடங்க முதல் ரெண்டு மாசம் ஓடினால் காணும்.

இருவர் குரலும் மோதட்டும், ஒன்றும் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த வரி மட்டும் சுத்தமாகக் கேட்க வேண்டும், தேவி இந்தக் காட்சியில் வாய் திறப்பதே இப்போதுதான்.

தேவி: நான் கேக்கிறன் ரூபி, சொல்லு.

ரூபி: பாதிக் கொப்பியைத் திண்டிட்டுது மச்சாள்!

எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்பாச்சி சிரிக்கவில்லை. கண் மங்கியவர், தட்டை நீட்டிக்கொண்டு தலையைச் சாய்த்துக் கேட்கிறார். தேவி ஊற்றுகிறாள்.

அப்பாச்சி: காப்பு எங்க பிள்ளை?

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்குகிறது, கடைசியாக ரூபி. கடல் கேட்கிறது.

தேவி: கழட்டி வச்சனான் அப்பாச்சி. மீன் வெட்டேக்க வழுக்குது.

அம்மா: எங்க வச்சனி?

கண்ணன்: அம்மா...

தேவி: (முந்திக்கொண்டு) அலுமாரிக்குள்ள மாமி.

அப்பா கண்ணனைப் பார்க்கிறார், ஆனால் நாம் அப்பாவின் முகத்துக்குப் போகவில்லை. கோப்பையைப் பிடித்திருக்கும் தேவியின் விரல்கள் இறுகுவதில்தான் அந்தப் பார்வை தெரிய வேண்டும்.

அப்பா: எஞ்சின் என்ன விலை எண்டனி, தம்பி?

பதில் இல்லை. ரூபி மெல்ல எழும்பித் தன் கதிரையைப் பின்னால் இழுக்கிறாள்.

ரூபி: இதில இருங்கோ மச்சாள்.

தேவி உட்காருகிறாள். கோப்பையை நடுவில் வைத்துவிட்டு, வெறுங்கை இரண்டையும் மேசைமேல் வைக்கிறாள், மறைக்கவில்லை. கண்ணன் கோப்பையை எடுத்து அவள் தட்டில் சொதி ஊற்றுகிறான். கை நடுங்கி மேசையில் கொஞ்சம் சிந்துகிறது, ஒருவரும் துடைக்கவில்லை.

வெட்டு.