இல்ல விளையாட்டுப் போட்டி: பிற்பகல் நேர்முக வர்ணனை

பெற்றோர்களே, இப்போது முடிந்தது 14 வயதுக்குட்பட்ட பெண்களின் 100 மீற்றர் முதலாவது தகுதிகாண் ஓட்டம். பதக்கம் இறுதி ஓட்டத்தில்தான். கம்பர் இல்லம் 23, பாரதி இல்லம் 41, கம்பர் இல்லம் 27 ஆகிய மூவரும் இறுதிக்குத் தெரிவாகிறார்கள். அடுத்த ஓட்டத்திலிருந்தும் மூவர் வருவார்கள்.

பனி இறங்குகிறது, இலக்கம் தெரியாவிட்டால் நிறத்தைப் பாருங்கள். கம்பர் சிவப்பு, பாரதி பச்சை, வள்ளுவர் நீலம்.

இதோ, இரண்டாவது ஓட்டம் புறப்பட்டுவிட்டது! பச்சை முன்னே... நீலம் நெருங்குகிறது, நெருங்குகிறது, முந்திவிட்டது! வள்ளுவர் இல்லம் 12 முதலிடம்! வெறுங்காலோடு என்ன வேகம்! விழுந்தும் எழுந்து ஓடி முடித்த சிவப்புச் சட்டைப் பிள்ளைக்கும் பலமாகக் கைதட்டுங்கள்.

மற்ற இருவரையும் நடுவர்கள் அறிவித்ததும் சொல்கிறேன். இறுதி ஓட்டம் 2.30க்கு. தயவுசெய்து முடிவுக்கோட்டை விட்டு விலகி நில்லுங்கள்.